ரெஸ்யூமேயில் மே, கடிதத்தில் ஏப்ரல்: பி.ஜி.வி.க்கு முன்னால் எச்.ஆரிடம் என்ன சொல்வது?

*கேள்வி: என் முதல் வேலை கோவையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. 2018 ஜூன் 4-ல் சேர்ந்தேன். ரிலீவிங் லெட்டரில் கடைசி நாள் 2020 ஏப்ரல் 17. ஆனால் ரெஸ்யூமேயில் ‘ஜூன் 2018 – மே 2020’ என்று போட்டுவிட்டேன். பி.எஃப்.-ல் சேர்ந்த தேதி 2018 செப்டம்பர் 1 என்று இருக்கிறது, விலகிய தேதி காலி. 2021-ல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் 2020 ஜூன் 15-ல் அடுத்த கம்பெனிக்கு வந்து இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது புது ஆஃபர் வந்திருக்கிறது, பி.ஜி.வி. என்கிற பின்னணிச் சரிபார்ப்புக்கான லிங்க் இந்த வாரம் வருமாம். கன்சல்டன்சிக்காரர் ‘கேட்டால் பார்த்துக்கலாம், நீங்களா வாயைத் திறக்காதீங்க’ என்கிறார். சொல்லணுமா, வேண்டாமா?*

சொல்லுங்கள். அந்த லிங்க்கைத் திறந்து படிவத்தை நிரப்புவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். சரிபார்ப்பு ஏஜென்சி ஒன்றில் சில வருடம் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன், அதன்பின் ஒரு ஐ.டி. கம்பெனியின் எச்.ஆரில் அந்த ரிப்போர்ட்டுகளை வாங்கிப் படிக்கும் பக்கமும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்கும் வேலை கிடையாது. அவர் திரையில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் நீங்கள் படிவத்தில் கொடுத்த தேதி, இன்னொன்றில் பழைய கம்பெனியோ ஆவணமோ சொல்லும் தேதி. இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை எழுதிச் சிவப்பு. பதிலே கிடைக்காவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று மஞ்சள், சில இடங்களில் அதை ஆம்பர் என்பார்கள். எத்தனை நாள் வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வது என்பது வேலை கொடுக்கும் கம்பெனியின் விதி. அது இடத்துக்கு இடம் மாறும். ஒரு வங்கியை வாடிக்கையாளராக வைத்து வேலை செய்யும் டீம் என்றால் பெரும்பாலும் கறாராக இருப்பார்கள்.

ஆக, ஒப்பிடப்படுவது முதலில் உங்கள் படிவம். பல கம்பெனிகள் ரெஸ்யூமேயையும் சேர்த்து ஏஜென்சிக்கு அனுப்பிவிடும். படிவத்தில் ஏப்ரல் 17 என்று சரியாகப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், ரெஸ்யூமேக்கும் படிவத்துக்கும் உள்ள முரண்பாட்டை ரிப்போர்ட் எழுதுபவர் கண்டுபிடித்து எழுதுவார். ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகட்டும் என்று படிவத்திலும் மே என்று போட்டால் நிலைமை இன்னும் மோசம். படிவத்தின் கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள் இல்லையா, அதோடு அது பொய் உறுதிமொழி ஆகிவிடும். ரெஸ்யூமேயில் நேர்ந்த பிழையைத் திருத்த முடியும். படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிழைக்கு விளக்கம்தான் கொடுக்க முடியும். அந்த விளக்கத்தை எச்.ஆர். எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை.

கன்சல்டன்சிக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிகிறது. நீங்கள் சேர்ந்து குறிப்பிட்ட காலம் வேலையில் இருந்தால்தான் அவருக்குப் பணம். நடுவில் எந்தக் கேள்வியும் எழக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் சிவப்பு ரிப்போர்ட் நீங்கள் சேர்ந்து ஒரு மாதம் கழித்து வந்தாலும் வரும். அப்போது பழைய வேலையும் கையில் இருக்காது.

இனி உங்கள் தேதிகள். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தலைவலியாகப் பார்க்கிறீர்கள், ஆனால் இதில் மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் உங்கள் தவறு. மற்ற இரண்டும் ஆவணங்கள் நடந்துகொள்ளும் விதம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி மெயில் எழுதினால், படிப்பவருக்கு எல்லாமே உங்கள் தவறு போலத் தெரியும்.

உங்கள் தவறு மே மாதம். ஏப்ரல் 17-லிருந்து ஜூன் 15 வரை நடுவில் 58 நாள் நீங்கள் வேலையில் இல்லை. ரெஸ்யூமேயைப் படிப்பவருக்கு அது இரண்டு வாரம் போலத் தெரியும். இந்தத் தவறு எதனால் வந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். கடிதத்தை எடுத்துப் பார்க்காமல் ஞாபகத்தில் எழுதியது என்றால் அதை அப்படியே ஒரு வரியில் சொல்லலாம். இடைவெளி தெரியாமல் இருக்கட்டும் என்று நீட்டியது என்றால், அழகான காரணம் ஒன்றைத் தயாரிக்க வேண்டாம். ‘ரெஸ்யூமேயில் மே 2020 என்று உள்ளது தவறு, சரியான தேதி ஏப்ரல் 17’ என்பதோடு நிறுத்துங்கள். போனில் நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள். 2020 ஏப்ரலில் வேலை போய் ஜூனில் அடுத்த வேலை கிடைத்தது என்பதைப் பார்த்து எந்த எச்.ஆரும் புருவம் உயர்த்தப் போவதில்லை. ஊரே அடைந்து கிடந்த நேரம் அது.

ஒன்றை மட்டும் இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கம்பெனியில் உங்கள் உண்மையான அனுபவம் ஒரு வருடம் பத்து மாதம் சொச்சம், ரெஸ்யூமேயில் முழுசாக இரண்டு வருடம். இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் இத்தனை வருடம் என்று கேட்டிருந்தார்களா, திருத்திய பிறகும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்களா? தாண்டினால் இது தேதித் திருத்தம், அவ்வளவுதான். தாண்டவில்லை என்றால் பதவியும் சம்பள நிலையும் அந்த எண்ணிக்கையில் நிற்கிறது. அப்போது அதையும் மெயிலில் நீங்களே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பி.எஃப்.-ல் சேர்ந்த தேதி. ஜூனில் சேர்ந்தவருக்குச் செப்டம்பர் காட்டுவது சின்ன கம்பெனிகளில் சர்வசாதாரணம். முதல் மூன்று மாதம் டிரெயினிங் என்று ஸ்டைபெண்ட் கொடுத்துவிட்டு, நிரந்தரம் செய்த பிறகுதான் பி.எஃப். தொடங்குவார்கள். இருபது பேருக்குக் குறைவான இடம் என்றால் பி.எஃப். சட்டமே கட்டாயமில்லை, ஆள் எண்ணிக்கை இருபதைத் தொட்ட பிறகு பதிவு செய்திருக்கலாம். எதுவானாலும், அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு வேறு சான்று வேண்டும். ஆஃபர் லெட்டரும், வங்கிக் கணக்கில் அந்த மாதங்களில் கம்பெனி பெயரில் வந்த பணமும் போதும். அவ்வளவு பழைய ஸ்டேட்மெண்ட் நெட் பேங்கிங்கில் கிடைக்காமல் போகலாம். கிளையில் எழுதிக் கொடுத்து வாங்க சில நாள் ஆகும், அதனால் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, விலகிய தேதி காலியாக இருப்பது. நீங்கள் இதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கம்பெனியை மூடிவிட்டுப் போகிறவர்கள் பி.எஃப். தளத்தில் ஒவ்வொருவருக்கும் விலகிய தேதி போட்டுவிட்டுப் போவது அபூர்வம். இப்போது பல கம்பெனிகள் பி.எஃப். தளத்தின் Service History பக்கத்தைக் கட்டாயம் கேட்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தாரா என்று பார்ப்பதற்காகத்தான். உங்கள் பக்கத்தில் கோவை கம்பெனி இன்னும் முடியவில்லை, அதன்மேல் 2020 ஜூனிலிருந்து அடுத்த கம்பெனி ஓடுகிறது. வேகமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது இரட்டை வேலை.

உடனே ‘தளத்தில் நானே விலகிய தேதி போட்டுவிடலாமே’ என்று தோன்றும். Manage பகுதியில் Mark Exit என்று இருக்கிறது. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து நீங்களே போடலாம். ஆனால் கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கோ அந்த மாதத்துத் தேதியைத்தான் அது ஏற்கும். மூடும் நிலைமையில் இருந்த கம்பெனி ஏப்ரல் மாதத்துக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தால் உங்களுடைய கடைசி மாதம் மார்ச். போட முடிவது மார்ச் 31 வரைதான். கடிதம் ஏப்ரல் 17, ரெஸ்யூமே மே, பி.எஃப். மார்ச் என்று மூன்றாவதாக ஒரு தேதி முளைக்கும். அதுவும் சரிபார்ப்புக்கு முந்தின வாரம் நீங்களே போட்ட தேதி. ஆகவே இப்போதைக்குத் தொடாதீர்கள். காலியாக இருக்கிறது, கடைசிச் சந்தா இந்த மாதத்துக்கு வந்திருக்கிறது என்று மெயிலில் சொல்லுங்கள். அவர்கள் ‘போட்டுவிட்டு வாருங்கள்’ என்றால் போடுங்கள், ஏன் மார்ச் என்பதையும் அதே மெயில் தொடரில் எழுதி வையுங்கள்.

கடைசி மாதத்தைக் கண்டுபிடிக்கப் பாஸ்புக்கைத் திறக்கும்போது ஒரு சின்ன வழுக்கல் இருக்கிறது. விவரப் பகுதியில் Cont. For Due-Month 042020 என்று வரும். அதைப் பார்த்து ஏப்ரல் சம்பளத்துக்கான சந்தா என்று நினைத்துவிடுவார்கள். பக்கத்தில் Wage Month என்ற இடத்தைப் பாருங்கள், மார்ச் என்று இருக்கும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை வழக்கமாக அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும், அதனால் அப்படி. ‘ஏப்ரல் வரை பி.எஃப். இருக்கிறது’ என்று நீங்கள் எழுதி, அது மார்ச் என்று அவர்கள் திருத்தினால், மெயிலில் இருக்கும் மற்ற தேதிகளையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அப்படியென்றால் ஏப்ரல் 17-க்குச் சான்று? ரிலீவிங் லெட்டர் ஒன்று. அந்த மாதத்தின் பாதிச் சம்பளமோ, கடைசிக் கணக்குத் தீர்த்த பணமோ மே, ஜூன் மாதங்களில் வங்கிக்கு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பலரும் மறந்துவிடுவது விலகல் தொடர்பான மெயில். ‘17-ஆம் தேதி கடைசி நாள்’ என்று மேலாளர் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பியது இருந்தால் அது தங்கம். வருமான வரித் தளத்தின் 26AS படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் கம்பெனி பெயரோடு வரும். அந்தக் காலத்தில் உங்கள் சம்பளம் வரி வரம்புக்குக் கீழே இருந்திருந்தால் அதில் ஒன்றும் இருக்காது. அது சந்தேகத்துக்குரிய விஷயம் அல்ல, பதற வேண்டாம்.

சரி, மூடிய கம்பெனிக்கு வருவோம். ஏஜென்சி முதலில் நீங்கள் கொடுத்த எச்.ஆர். மெயிலுக்கு எழுதும். டொமைன் காலாவதியானதால் மெயில் திரும்பி வரும். போன் அடிக்கும். அப்புறம் சில சமயம் ஆளை நேரில் அனுப்பும். நான் ஏஜென்சியில் இருந்தபோது அப்படி ஒரு கேஸில் களத்துக்குப் போனவர் போட்டோ அனுப்பினார். லெட்டர்ஹெட்டில் இருந்த முகவரியில் ஒரு ஜிம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் பழைய போர்டு இருந்த இடத்தில் நாலு ஆணித் துளையும், சுற்றிலும் வெயில் படாத வெளிர் நீலச் செவ்வகமும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ‘ஆமாங்க, கம்ப்யூட்டர் கம்பெனி இருந்துச்சு, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க’ என்று சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதினோம். வேட்பாளர் உண்மையாகவே அங்கே வேலை பார்த்தவர்தான். ஆனால் கம்பெனி மூடிய விஷயத்தை அவர் படிவத்தில் சொல்லவே இல்லை, நின்றுபோன ஒரு போன் நம்பரைக் கொடுத்திருந்தார். மஞ்சளோடு போக வேண்டிய ரிப்போர்ட், ‘கொடுத்த முகவரியில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை’ என்ற வாக்கியத்தோடு போனது. அந்த வாக்கியத்தைப் படிக்கும் எச்.ஆருக்கு முதலில் நினைவுக்கு வருவது போலி அனுபவக் கடிதம் விற்கும் கும்பல்தான். அவர் சேருவது பல வாரம் தள்ளிப்போனது.

ஆகவே கம்பெனி இருந்தது, இப்போது இல்லை என்ற இரண்டையும் நீங்களே காட்டிவிடுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் மாஸ்டர் டேட்டா பக்கத்தில் பெயரைப் போட்டால் எழுத்தும் எண்ணுமாக 21 இடம் கொண்ட கம்பெனி அடையாள எண்ணான சி.ஐ.என்., தொடங்கிய தேதி, பதிவு முகவரி, இன்றைய நிலை எல்லாம் வரும். நிலை Strike Off என்று இருந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பக்கத்தை தேதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் ‘மூடிவிட்டார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆபீஸைக் காலி செய்துவிட்டுக் காகிதத்தில் கம்பெனியை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஏராளம். அங்கே Active என்று இருந்தால், ‘2021-லிருந்து இயங்கவில்லை, பதிவு மட்டும் நடப்பில் உள்ளது’ என்று எழுத வேண்டும். Amalgamated என்று இருந்தால் அது மூடலே இல்லை, வேறு கம்பெனியோடு இணைந்திருக்கிறது. பழைய ஆவணங்கள் அந்தப் புதுக் கம்பெனியிடம் இருக்கக்கூடும், சரிபார்ப்பும் அங்கே போகும். முதலாளி ஒருவரே நடத்திய தனி உரிமையாளர் கடை என்றால் இந்தத் தளத்தில் பெயரே வராது. ஜி.எஸ்.டி. எண் பழைய லெட்டர்ஹெட்டிலோ பில்லிலோ இருந்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள், ரத்தாகியிருந்தால் அங்கே தெரியும்.

பழைய முதலாளியோ மேலாளரோ தொடர்பில் இருந்தால் நல்லது. அவரிடம் ஏஜென்சி பேசலாமா என்று முன்கூட்டியே கேட்டு, அவருடைய இன்றைய வேலையிடத்து மெயிலைக் கொடுங்கள். சொந்த ஜிமெயிலை ஏஜென்சிகள் பல சமயம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர் எழுத்தில் தருவதாக இருந்தால் இன்றைய தேதி போட்டு, ‘மூடப்பட்ட அந்த நிறுவனத்தில் நான் இந்தப் பொறுப்பில் இருந்தேன், இவர் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தார்’ என்று எழுதித் தரட்டும். பழைய லெட்டர்ஹெட்டில் பழைய தேதி போட்டு, மே 31 வரை என்று புதுக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கன்சல்டன்சிகளில் சிலர் இதையும் ‘உதவி’ என்றே சொல்வார்கள். உங்களுடைய ஒரிஜினல் கடிதமே சரியாக இருக்கும்போது, அந்தப் புதுக் கடிதம் வந்த நிமிடத்தில் தேதிப் பிழை ஆவண மோசடியாகிவிடும்.

யாரிடம் சொல்வது? ஆஃபர் லெட்டர் அனுப்பிய கம்பெனி எச்.ஆரிடம். கன்சல்டன்சிக்காரரிடம் மட்டும் சொன்னால் அது அவரோடு நின்றுவிடும். அவரை மெயிலில் நகலில் வையுங்கள், போதும். முதலில் போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ‘இப்போது சொன்னதை மெயிலில் அனுப்புகிறேன், மேடம்’ என்று அன்றைக்கே அனுப்புங்கள். ஏஜென்சிக்கு நேராக எழுத வேண்டாம். முடிவெடுப்பவர்கள் அவர்கள் இல்லை. மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், ஆனால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

> வணக்கம். பி.ஜி.வி. படிவத்தை நிரப்பும் முன் என் முதல் வேலை பற்றிய சில விவரங்களைத் தெரிவிக்கிறேன்.
>
> என் ரெஸ்யூமேயில் அந்தப் பணிக்காலம் ஜூன் 2018 – மே 2020 என்று உள்ளது. இது தவறு. ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர்படி சரியான தேதிகள் 04-06-2018 முதல் 17-04-2020 வரை. 18-04-2020 முதல் 14-06-2020 வரை நான் வேலையில் இல்லை. திருத்திய ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். படிவத்திலும் இந்தத் தேதிகளையே கொடுப்பேன்.
>
> பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதி 01-09-2018 என்று உள்ளது. முதல் மூன்று மாதங்களுக்கு வங்கி ஸ்டேட்மெண்ட் இணைத்துள்ளேன். விலகிய தேதியை நிறுவனம் பதியவில்லை. கடைசிச் சந்தா மார்ச் 2020 சம்பளத்துக்கானது.
>
> அந்த நிறுவனம் 2021 முதல் இயங்கவில்லை. அமைச்சகத் தளத்தில் அதன் இன்றைய நிலையைக் காட்டும் பக்கத்தை இணைத்துள்ளேன். பழைய எச்.ஆர். மெயில் இப்போது இயங்காது. என் அப்போதைய மேலாளர் உறுதி செய்யத் தயாராக இருக்கிறார். வேறு ஆவணம் தேவைப்பட்டால் தெரிவிக்கவும். இந்தத் தேதிகளுடன் படிவத்தை நிரப்பலாமா என்று பதிலில் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்று மாத டிரெயினிங், கடைசிச் சந்தா மார்ச் என்பதெல்லாம் என் ஊகம். உங்கள் பாஸ்புக்கில் இருப்பதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மன்னிப்பைப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம், கொரோனா கதையும் வேண்டாம். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘சரி, நிரப்புங்கள்’ என்று அவர்கள் அனுப்பும் ஒற்றை வரி, மூன்று மாதம் கழித்து வேறொரு எச்.ஆர். உங்கள் கோப்பைத் திறக்கும்போது பேசும். அந்தத் தொடரை உங்கள் சொந்த மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் அதே நாளில் தேதியைத் திருத்திவிடுங்கள்.

ஆஃபரை ரத்து செய்துவிடுவார்களா என்றுதானே உள்ளுக்குள் பயம்? செய்ய மாட்டார்கள் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆஃபர் லெட்டரிலேயே ‘சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று இருக்கும். என் அனுபவத்தில், ஆவணத்தோடு முன்கூட்டியே சொன்ன ஆறு வாரத் திருத்தத்துக்கு ஆஃபர் போனதைப் பார்த்ததில்லை. கூடுதல் ஆவணம் கேட்பார்கள், மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பார்கள், ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். முதல் வேலை மஞ்சளாகவே ரிப்போர்ட்டில் நின்றுவிடலாம். மூடிய கம்பெனிக்கு அது இயல்பு, அதைப் பச்சையாக்க யாராலும் முடியாது. வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ரத்து செய்கிற இடம் என்றால், அதே ஆறு வாரத்தை அவர்களாகக் கண்டுபிடித்திருந்தாலும் ரத்துதான் செய்திருப்பார்கள், நீங்கள் ராஜினாமா செய்துவிட்டு நின்றிருப்பீர்கள்.

அதனால்தான் கடைசியாக இதைக் கேட்கிறேன்: இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா? இன்னும் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பதில் மெயில் வரும்வரை கொடுக்காதீர்கள். கொடுத்து நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருந்தால், லிங்க் வரும் வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே எச்.ஆருக்குப் போன் போடுங்கள்.